கறுப்புக்குள் மடிப்பு தெரிய வேண்டுமென்றால்: எந்தத் துணி, எந்த வெளிச்சம்?

கிளிநொச்சிப் பக்கம் தையற்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா தலை முதல் கால் வரை கறுப்பாக ஒரு பஞ்சாபி தைத்தார். மேற்சட்டை, காற்சட்டை, சோல் மூன்றும் கறுப்பு. மேற்சட்டையில் தோளை ஒட்டி யோக் வைத்து, அதில் இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஏழு என்று துணியை மடித்துத் தைத்து மிக மெல்லிய டக் பிடித்திருந்தார். தோளிலிருந்து இடுப்பு வரை பிரின்சஸ் கட் தையல். கைகளில் சுருக்கு. இதைப் பெரிய படமாக எடுத்துக் கடையில் மாட்ட வேண்டும், வாறவை வேலையைப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அவருடைய சித்தியின் மகள் உடுத்திக்கொண்டு நின்றாள். நான் கமராவுக்கு மேலே பிளாஷைப் போட்டு நேரே எடுத்தேன்.

படத்தைக் கமராத் திரையில் காட்டினேன். அக்கா கிட்டக் குனிந்து பார்த்தார். "தம்பி, பிள்ளையின்ர முகம் வடிவா வந்திருக்கு. ஆனா சட்டை எங்க? ஒரு கறுப்புக் கட்டையெல்லோ நிக்குது. நான் இரண்டு நாள் இருந்து பிடிச்ச டக் ஒண்டும் தெரியேல்லையே."

அவர் சொன்னது சரி. பதினாலு டக்கில் ஒன்றைக்கூட எண்ண முடியவில்லை. அன்றைக்கே அந்தப் படங்களை அழித்துவிட்டு, அடுத்த இரண்டு கிழமையில் துணி, தையல், வெளிச்சம், பின்சுவர் என்று ஒவ்வொன்றாக மாற்றி எடுத்துப் பார்த்தோம். எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: படத்தில் டக்கை எண்ண முடிகிறதா? முழுக் கறுப்பில் ஆளை நிறுத்திப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் எதைத் தெரிவு செய்யலாம் என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே சொல்லுகிறேன்.

கறுப்பில் மடிப்பு எப்படித் தெரிகிறது

வெள்ளைச் சட்டையில் மடிப்பை நிழல் காட்டும். துணி முழுவதும் வெளிச்சமாக இருக்க, மடிப்பு விழுந்த இடம் கொஞ்சம் இருளும், கண் அதைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பில் இந்த வழி அடைபட்டுப் போகிறது. கறுப்புப் பருத்தித் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவைத்தான் திருப்பி அனுப்பும். படம் எடுப்பவர்கள் அளவுக்கு வைத்துக்கொள்ளும் சாம்பல் அட்டை 18 பங்கு அனுப்பும். வெளிச்சம் பாதியாகக் குறைவதை ஒரு ஸ்ரொப் என்போம். 18இன் பாதி 9, அதன் பாதி நாலரை. ஆகவே கறுப்புத் துணியின் வெளிச்சமான பக்கமே நடுச் சாம்பலைவிட இரண்டு ஸ்ரொப் கீழே கிடக்கிறது. மடிப்புக்குள் விழும் நிழல் அதற்கும் இரண்டு மூன்று ஸ்ரொப் கீழே போய்விடும். அந்த ஆழத்தில் கமரா சேமிக்கும் சாதாரணப் படத்தில் ஒரு கறுப்புக்கும் அடுத்த கறுப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் நெருங்கிவிடும். எங்கள் ஆட்கள் "கறுப்பு அப்பிப் போச்சு" என்று சொல்லுவது இதைத்தான்.

கறுப்பு மோட்டார்சைக்கிளின் ராங்கியைப் பாருங்கள். அதன் வளைவு எங்களுக்கு எப்படித் தெரிகிறது? மேலே வானம் ஒரு வெள்ளைப் பட்டையாக விழுகிறது, பக்கத்தில் வீட்டு வாசல் நீட்டாக விழுகிறது. அந்த மினுக்கம் வளைந்து போவதை வைத்துத்தான் ராங்கியின் உருவத்தை அறிகிறோம். கறுப்புத் துணியிலும் இதுவே நடக்கிறது, ஆனால் நூல் நூலாக உடைந்து, மங்கலாக. துணிக்குள் போன வெளிச்சத்தைச் சாயம் குடித்துவிடுகிறது. நூலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தைச் சாயம் தொடுவதில்லை. அந்தத் தெறிப்பு, வெளிச்சம் சரிந்து வரவர வலுக்கும். ஆகவே கறுப்பில் நாங்கள் தேட வேண்டியது டக்கின் முதுகில் ஓடும் மெல்லிய மினுக்கக் கோடு. துணியையும் வெளிச்சத்தையும் அந்தக் கோட்டுக்காகத் தெரிவு செய்ய வேண்டும்.

நாலு துணி, ஒரு வாளி

அக்கா நாலு வகைக் கறுப்பில் அரை மீற்றர் அரை மீற்றராக எடுத்தார்: பொப்ளின், கொட்டன் சற்றின், பொலியெஸ்ரர் சற்றின், வெல்வெற். ஒவ்வொன்றிலும் மூன்று டக் பிடித்து, ஒரு சாதாரண மூட்டுத் தையலும், மேலே இன்னொரு வரி ஓடிய தையலும் போட்டார். ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, துண்டுகளை அதில் ஒவ்வொன்றாகச் சுற்றி, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்தேன். மேசையில் விரித்து எடுத்தால் பயனில்லை. உடம்பு வளைவானது, ஆகவே துணியும் வளைந்து எல்லாக் கோணத்தையும் காட்ட வேண்டும்.

வெல்வெற்றை நான் முதலில் பெரிதாக நம்பியிருந்தேன், கையில் பிடித்தால் அவ்வளவு அழகு. படத்தில் அது ஒரு பள்ளம். நிமிர்ந்து நிற்கும் மயிர் வெளிச்சத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது, மூன்று டக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாளியின் இரண்டு ஓரமும் மெல்ல ஒளிர்ந்தது, ஏனென்றால் அங்கே மயிரின் பக்கவாட்டைப் பார்க்கிறோம். உருவ விளிம்பு மட்டும் போதுமென்றால் வெல்வெற் நல்லது, தையலைக் காட்ட உதவாது. வெல்வெற்றில்தான் எடுக்க வேண்டும் என்றால் மயிர் கீழ்நோக்கிப் படியும்படி வெட்டச் சொல்லுங்கள். மேல்நோக்கி வெட்டினால் இன்னும் ஆழமாகக் கறுக்கும்.

பொலியெஸ்ரர் சற்றின் இதற்கு நேர் எதிர். டக் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. அதோடு தையல் இழுத்த சின்னச் சுருக்கம், மடித்து வைத்த தடம், பெட்டி போட்ட தடம் எல்லாமே பளிச்சென்று தெரிந்தன. மினுக்கம் வெள்ளையாக எரிந்து, அதற்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு இன்னும் கறுத்தது. கண் துணியின் நெளிவில் ஓடித் திரிகிறதே தவிர டக்கில் நிற்கவில்லை. வேலை துப்புரவாக இருந்தாலும் அக்காவின் கைக்கு அது நியாயம் செய்யாது.

பொப்ளின் அமைதியான துணி. மூன்று டக்கும் மெல்லிய சாம்பல் கோடாக வந்தன, மேல் வரி ஓடிய தையல் தெரிந்தது, சாதாரண மூட்டு தெரியவில்லை. கொட்டன் சற்றினில் அந்தக் கோடு இன்னும் ஒரு படி கூடியது. நூல்கள் மேலே நீளமாக மிதந்து கிடப்பதால் ஒரு மெல்லிய மினுக்கம் இருக்கிறது, பொலியெஸ்ரர் மாதிரி எரியவில்லை. மேற்சட்டைக்கு அதுவே என்று முடிவெடுத்தோம். இதில் ஒரு கவனம் வேண்டும். மினுக்கம் நூல் ஓடும் திசையைப் பொறுத்தது. துணி மிச்சம் பிடிக்க ஒரு துண்டை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வெட்டினால், கையில் ஒன்றும் தெரியாது, படத்தில் இரண்டு வேறு கறுப்பாக நிற்கும். எல்லாத் துண்டையும் ஒரே போக்கில் வெட்ட வேண்டும்.

மூன்று உடுப்பையும் ஒரே துணியில் தைக்கலாமா என்று அக்கா கேட்டார். நான் வேண்டாம் என்றேன். எல்லாம் கறுப்பாக இருக்கும்போது சட்டை எங்கே முடிகிறது, காற்சட்டை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட நிறம் உதவாது, மினுக்கம்தான் உதவ வேண்டும். ஆகவே காற்சட்டை மங்கலான பொப்ளினில், அதன்மேல் விழும் மேற்சட்டை கொட்டன் சற்றினில். விளிம்பு தானாகத் தெரிந்தது.

சோலுக்கு ஜோர்ஜெற் எடுத்தோம். இது எனக்குப் பிடித்த பகுதி. ஊடே தெரியும் கறுப்புத் துணியில் மடிப்புக்கு மினுக்கமும் தேவையில்லை, நிழலும் தேவையில்லை. தோளிலிருந்து சுவருக்கு முன்னால் தொங்கும் பாகத்தில் ஒரு மடி இருக்கும் இடம் புகை மாதிரிச் சாம்பலாக, இரண்டு மடி இருக்கும் இடம் அதைவிட இருண்டு, நாலு மடி இருக்கும் இடம் கறுப்பாக வரும். சுவரின் வெளிச்சமே துணிக்கூடாக வந்து மடிப்பை எழுதிவிடும். ஆனால் சோலைச் சட்டைக்கு மேலே போர்த்தினால் இந்தப் பலன் போய்விடும், பின்னால் இருப்பதும் கறுப்பு என்பதால்.

தையலை உயர்த்துவது

மூட்டை விரித்து நன்றாகப் பெட்டி போட்டுத் தட்டையாக்கிவிட்டால் கறுப்பில் அது இல்லாதது மாதிரித்தான். தெரிய வேண்டிய தையலுக்குக் கொஞ்சம் முதுகு வேண்டும். பிரின்சஸ் கட் மூட்டை ஒரு பக்கம் சாய்த்து, ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளி மேலே ஒரு வரி ஓட விட்டார் அக்கா. உள்ளே மடிந்த துணி தடித்து ஒரு வரம்பு மாதிரி எழுந்தது, வெளிச்சம் அதில் ஏறி இறங்கியது. யோக் முடியும் இடத்தில் கறுப்புச் சற்றினில் மெல்லிய பைப்பிங் வைத்தார். அது ஒரு ஒளிக்கோடாகவே வந்தது.

மேல் வரியை ஒரு நிறம் குறைந்த கரிச்சாம்பல் நூலில் ஓடினால் இன்னும் இலேசாகத் தெரியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "கறுப்பு எண்டு சொல்லித் தைச்சுப்போட்டுச் சாம்பல் நூல் ஓடக் கூடாது தம்பி. படத்தில நல்லாயிருக்கும், கையில எடுத்துப் பாக்கிறவை என்ன சொல்லுவினம்?" என்றார். மினுக்கமுள்ள கறுப்பு நூலுக்கு ஒப்புக்கொண்டார். அதுவே போதுமாக இருந்தது.

பெட்டி போடும்போது புறப்பக்கத்தில் நேரே வைக்க வேண்டாம். கறுப்பில் மூட்டின் தடிப்பு அழுந்தி ஒரு பளபளப்பு விழும், அது பிறகு போவது கஷ்டம். உட்பக்கத்தில், ஈரத்துணி ஒன்றை மேலே போட்டுப் போடுவது நல்லது.

மூன்று வெளிச்சம்

முதலாவது, நான் முதல் நாள் செய்தது: கமராவிலிருந்து நேரே போகும் பிளாஷ். டக்கின் நிழல் டக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, கமரா அதைக் காண்பதே இல்லை. மினுக்கமும் துணி கமராவை நேரே பார்க்கும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டாக விழுகிறது. பிளாஷைக் கூட்டினால் சரிவருமா என்றால், துணி வெளிக்குமுன் முகம் எரிந்துவிடும், ஏனென்றால் தோல் கறுப்புத் துணியைவிடப் பல மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எண்ணிக்கை பூச்சியம். இதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, வெளியே மரநிழல். காலையில் வேப்பமரத்தின் கீழே, முன்னே வெளிப்பாகத் திறந்த இடத்தில் நிறுத்தி எடுத்தேன். வெளிச்சம் மேலே வானத்திலிருந்து பரந்து விழுகிறது. முகம் மென்மையாக வருகிறது, கறுப்பும் அவ்வளவாக அப்பவில்லை. ஆனால் மேலிருந்து வரும் வெளிச்சம் கிடையாக ஓடும் தையலைக் காட்டும், நெடுக்காக ஓடுவதைக் காட்டாது. யோக் விளிம்பும் கைச் சுருக்குப் பட்டியும் கீழ்மடிப்பும் நன்றாகத் தெரிந்தன. நெடுக்கு டக்கில் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. வெளிச்சம் தையலைக் குறுக்கே கடந்து போக வேண்டும், அதனோடு சேர்ந்து ஓடக் கூடாது. உங்கள் உடுப்பில் முக்கியமான வேலை கிடையாக இருந்தால், அடுக்கடுக்கான பாவாடை மாதிரி, மரநிழலே உங்களுக்கு நல்லது.

வெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்பில் நாங்கள் பார்ப்பது தெறிப்பு என்றால், அந்தத் தெறிப்புக்குச் சுற்றியுள்ளதின் நிறம் இருக்கும். இலைக்குக் கீழே கறுப்பில் பச்சை ஏறுகிறது. எங்கள் செம்மண் முற்றத்தில் கீழ்ப்பக்கத்து மடிப்பெல்லாம் செம்மை தட்டியது. கடற்கரைப் பக்கத்து வெள்ளை மணலில் நின்றால் அந்தத் தொல்லை இல்லை, மணலே கீழிருந்து ஒரு வெள்ளைப் பலகை மாதிரி உதவும்.

மூன்றாவது, வாசல் வெளிச்சம். நாங்கள் கடைசியில் தெரிவு செய்தது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன்.

அக்காவுடையது வீட்டுத்திட்ட வீடு. முன்வாசல் மேற்கே பார்த்தது, ஆகவே காலையில் அதற்குள் வெயில் நேரே விழாது, வெளிச்சமான முற்றமும் வானமும் மட்டும் தெரியும். கதவை முழுதாகத் திறந்தால் மூன்றடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு பெரிய விளக்கு. ஸ்டூடியோவில் நெடுக்கான சொப்ற்பொக்ஸ் வைத்துச் செய்கிற வேலையை அது செய்யும். விளக்கின் பருமன் இங்கே மிக முக்கியம். சின்ன விளக்கென்றால் டக்கின் முதுகில் ஒரு கூர்மையான கோடு விழும், அதற்கு இரண்டு பக்கமும் இருட்டு. அகலமான விளக்கென்றால் கோடு மெல்ல மெல்லத் தேய்ந்து கறுப்புக்குள் இறங்கும். மடிப்பின் வளைவைச் சொல்லுவது அந்தத் தேய்வுதான்.

பிள்ளையை வாசல் சுவரிலிருந்து நாலடி உள்ளே, சுவருக்குத் தன் இடப்பக்கம் இருக்கும்படி நிறுத்தினேன். நான் விறாந்தைக்குப் போகாமல் அதே அறைக்குள், சுவரோடு சேர்ந்து பார்க்கும்படி நின்றேன். முதலில் அவள் வாசலுக்கு நேரே நின்றாள், வெளிச்சம் சரியாகப் பக்கத்திலிருந்து வந்தது. டக் இடப்பக்கம் ஐந்து தெரிந்தது. பிறகு அவளை ஒரு அடி என்னை நோக்கி வரச் சொன்னேன். இப்போது வாசல் அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் போய்விட்டது. வெளிச்சம் துணியைத் தடவிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. இடப்பக்கத்து ஏழு டக்கும் ஒவ்வொன்றாக எழுந்தன. இன்னும் ஒரு அடி வரச் சொன்னபோது தோளின் ஓரம் மட்டும் ஒளிர்ந்து, நெஞ்சு இருண்டது. ஆகவே திரும்ப அரை அடி பின்னால். இந்த அரை அடி, ஒரு அடி அசைவைக் கமராவில் தேட வேண்டாம், ஒரு கண்ணைச் சுருக்கி யோக்கையே பார்த்துக்கொண்டு ஆளை அசையச் சொன்னால் கோடு எழும் இடம் தெரியும்.

வலப்பக்கம் இன்னும் இருட்டு. அங்கே டக் இரண்டுதான் தெரிந்தது. இரண்டு வெள்ளை ரெஜிபோம் பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வைத்தோம். முதலில் நான் அதை அவளுக்கு முன்பக்கமாக, ஒன்றரை அடியில் வைத்தேன், நிழலை நிரப்ப வேண்டும் என்ற பழக்கத்தில். அது கறுப்பு முழுவதையும் ஒரு மந்தமான சாம்பலாக்கியது, இடப்பக்கத்துக் கோடுகூட மங்கியது. பலகையை மூன்றடிக்குத் தள்ளி, அவள் தோளுக்குச் சற்றுப் பின்னால் கொண்டுபோனதும் காரியம் மாறியது. பலகை இப்போது இன்னொரு வாசல் மாதிரி. வலப்பக்கத்து டக்குகள் அதைத் தங்கள் முதுகில் வாங்கிக் காட்டின. ஏழும் ஏழும்.

முகத்துக்கு இந்த வெளிச்சம் கொஞ்சம் கடினமானது. அதற்கு அவளை முகத்தை மட்டும் வாசற்பக்கம் சற்றுத் திருப்பச் சொன்னால் போதும், உடம்பு அசையக் கூடாது.

பின்சுவர் பற்றி நாங்கள் அதிகம் மினக்கெடவில்லை. வெள்ளைப் பெட்சீற் கட்டிப் பார்த்தேன், அதன் வெளிச்சம் லென்சுக்குள் பரவிக் கறுப்பு வெளிறியது, ஆளின் ஓரமும் தின்னப்பட்டது. கறுப்புச் சேலை கட்டியதில் காற்சட்டை எங்கே, சுவர் எங்கே என்று தெரியவில்லை. அந்த அறையின் பூசாத சீமெந்துக் கல்லுச் சுவரே நடுச் சாம்பல். அவளிலிருந்து ஆறடி பின்னால் அதை மங்கலாக விட்டபோது சோலின் மடிகள் அதற்கு முன்னால் மிக அழகாக வந்தன.

எவ்வளவு வெளிச்சம் எடுப்பது

கமராவைத் தானாக எடுக்க விட்டால் அது தான் காண்பதை எல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு என்றால் வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாம்பலாகி முகம் எரியும். வாசலின் ஒரு துண்டு சட்டத்துக்குள் வந்துவிட்டால் குறைக்கும், கறுப்பு அப்பும். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படம் இரண்டு விதமாக வருவது இதனால்தான். கையால் வைக்கும் நிலைக்கு மாற்றி, அவள் நிற்கும் இடத்தில் உள்ளங்கையை வாசலை நோக்கிப் பிடிக்கச் சொல்லி, சட்டம் நிறைய அதை மட்டும் அளந்தேன். உள்ளங்கை பெரும்பாலும் நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்ரொப் வெளிச்சமானது, ஆகவே அளவு சொன்னதிலிருந்து ஒரு ஸ்ரொப் கூட்ட வேண்டும். அன்றைக்கு அது ISO 400, f/5.6, 1/125 என்று வந்தது. அதிலிருந்து மூன்றில் ஒரு ஸ்ரொப் இன்னும் கூட்டினேன். கன்னத்தின் வெளிச்சமான பக்கம் எரியத் தொடங்கும் இடம்தான் எல்லை. திரையில் அந்த இடம் கண்சிமிட்டினால் ஒரு படி குறைக்க வேண்டும். RAW கோப்பில் எடுத்தால் அடியில் உள்ள கறுப்பு வித்தியாசங்கள் அழியாமல் இருக்கும்.

கைபேசியில் எடுக்கிறவர்கள் சட்டையைத் தொட்டுக் குவித்து, பிறகு வெளிச்சத்தை முகம் தெளியும் வரை கீழே இழுத்தால் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வரலாம். வாசலும் பலகையும் சரியாக இருந்தால் கைபேசிப் படத்திலும் டக்கை எண்ணலாம்.

எடுக்குமுன் செய்ய வேண்டிய இரண்டு சின்ன வேலை. எங்கள் பக்கத்துப் புழுதி கறுப்பில் மாவு தூவியது மாதிரித் தெரியும். அகலமான ஒட்டும் ரேப்பைப் பசை வெளியே இருக்கும்படி கையில் சுற்றி, மேலிருந்து கீழாக ஒற்றி எடுங்கள். உதறினால் புழுதி இடம் மாறுமே தவிரப் போகாது. மற்றது வியர்வை. நனைந்த பருத்தி இன்னும் கறுக்கும், காய்ந்தால் வெள்ளை உப்புக் கோடு விடும், இரண்டும் மடிப்பு மாதிரி ஏமாற்றும். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முன் முடித்தோம். இடையில் பிள்ளை சோலைக் கழற்றிவிட்டு விசிறிக்கு முன்னால் இருந்தாள்.

திருத்துவதும் அச்சும்

கொம்பியூட்டரில் எல்லோருக்கும் வரும் ஆசை Blacks கோலை மேலே தள்ளுவது. அது முழுப் படத்தின் அடியையும் வெளிறச் செய்து, கழுவிக் கழுவி நரைத்த துணி மாதிரி ஆக்கிவிடும். நான் அதைத் தொடாமல் Shadows கோலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினேன். சுட்டியை வைத்துப் பார்க்கும்போது, 0இலிருந்து 255 வரையான அளவில், துணியின் பொதுவான இடம் 45க்கும் 60க்கும் இடையில், டக்கின் முதுகு 90க்கு மேல், ஆழமான மடிப்பு 15க்குக் கீழே போகாமல் இருந்தால் எனக்குத் திருப்தி. கைக்குக் கீழே, சோல் கழுத்தில் சுற்றும் இடத்தில் ஒரு சொட்டு முழுக் கறுப்பு இருக்கட்டும். அதுவும் இல்லாவிட்டால் படம் சாம்பல் உடுப்பைக் காட்டும்.

அச்சில்தான் இன்னொரு முறை சறுக்கியது. திரையில் ஏழும் ஏழும் தெரிந்த படத்தை 12க்கு 18 அங்குலத்தில் நேரே அடிக்கக் கொடுத்தோம். வந்த படத்தில் வலப்பக்கம் நாலு டக்தான். தாள் தாங்கும் கறுப்பு திரையைப் போல ஆழமானதல்ல, 15ஐயும் 25ஐயும் அது ஒன்றாகவே அடித்துவிட்டது. மங்கலான தாளில் இது இன்னும் கூடுதலாக நடக்கும். பளபளப்பான தாளில் கறுப்பு ஆழமாக இறங்கும், ஆனால் கடை முன்பக்கம் திறந்தது, படத்துக்கு எதிரே றோட்டு. பளபளப்பில் றோட்டும் வானமும்தான் தெரியும். அக்கா மங்கலான தாளையே கேட்டார்.

ஆகவே இரண்டாம் முறை அடிப்பதற்கென்றே ஒரு பிரதி வைத்து, ஆழமான மடிப்புகளை 15இலிருந்து 28 அளவுக்கு உயர்த்தினேன், டக்கின் முதுகையும் கொஞ்சம் கூட்டினேன். யோக் பகுதியை மட்டும் வெட்டி, 6க்கு 4 அங்குலத்தில் மூன்று விதமாக அடித்து வாங்கி, கடைக்குள் படம் மாட்டப்போகும் ஆணியிலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். அக்கா விரலை வைத்து இடமிருந்து வலமாக எண்ணினார். முதல் துண்டில் பன்னிரண்டு, இரண்டாவதில் பதினாலு, மூன்றாவதிலும் பதினாலு, ஆனால் அது நரைத்துக் கிடந்தது. "இரண்டாவதை அடியுங்கோ தம்பி" என்றார்.